செம்பனை ஓலை ஓரத்தில் ஏன் கரி பிடிக்கிறது?

சுங்கை சிப்புட் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கோயிலைப் போன திருவிழாவில் இரண்டு படமாக எடுத்தேன். ஒன்று அந்தி வானத்துக்கு, இன்னொன்று கோபுரத்துக்கும் பின்னால் நிற்கும் செம்பனைகளுக்கும். இரண்டையும் மாஸ்க் போட்டு இணைத்தபோது, ஓலைகளின் ஓரமெல்லாம் கரி பூசியதுபோல் இருண்டுவிட்டது. மாஸ்க்கில் தப்பில்லை, கணக்கில்தான் தப்பு.

படத்தில் இருக்கும் 0 முதல் 255 வரையான எண்கள் ஒளியின் அளவு அல்ல. நம் கண் இருட்டில் சின்ன வித்தியாசத்தையும் பிடித்துவிடும் என்பதால், sRGB முறை இருண்ட பகுதிக்கு அதிக எண்களை ஒதுக்கி வளைத்து எழுதுகிறது. இந்த வளைவைத்தான் காமா என்கிறோம். அதனால் 128 பாதி வெளிச்சம் இல்லை, சுமார் 22 சதவீதம்தான். உண்மையான பாதி 188.

ஓர் ஓலை ஓரத்தை எடுத்துக்கொள்வோம். வானம் 230, ஓலை 30, மாஸ்க் அங்கே சரிபாதி. எண்களை அப்படியே சராசரி எடுத்தால் 130 வரும், அது 22 சதவீத ஒளி. ஆனால் லென்ஸ் கலப்பது ஒளியை, எண்களை அல்ல. 230 என்பது 79 சதவீதம், 30 என்பது ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். இவற்றின் சராசரி 40 சதவீதம், மறுபடி எண்ணாக்கினால் 170. கிட்டத்தட்ட பாதி ஒளி காணாமல் போனதால்தான் அந்தக் கருப்பு. சிவப்பும் பச்சையும் சந்திக்கும் இடம் மஞ்சளாகாமல் சேறாகக் கலங்குவதும் இதனால்தான்.

உங்கள் மென்பொருள் எப்படிக் கலக்கிறது என்று பார்க்க, கருப்பின் மேல் வெள்ளை லேயரை 50 சதவீத ஒபாசிட்டியில் வைத்து நிறத்தை அளந்து பாருங்கள். 188 வந்தால் ஒளியைக் கலக்கிறது, 128 வந்தால் எண்ணைக் கலக்கிறது. ஜிம்ப் 2.10 முதல் Normal மோட் ஒளியையே கலக்கும், Legacy குழுவில் இருப்பவை பழைய முறை. ஃபோட்டோஷாப்பில் கலர் செட்டிங்ஸில் Blend RGB Colors Using Gamma என்பதை 1.00 என்று வைக்க வேண்டும்.

எல்லா மோடுக்கும் இது பொருந்தாது. Overlay, Soft Light இரண்டும் நடு எண்ணை மையமாக வைத்து இருட்டையும் வெளிச்சத்தையும் பிரிப்பவை. ஒளிக் கணக்கில் அந்த மையம் 188க்கு ஏறிவிடுவதால் படம் பெரும்பாலும் கருத்துப்போகும். அவற்றுக்குப் பழைய முறையே சரி.

அப்புறம் வானத்தில் விழும் பட்டை. ஒளியை 8 பிட்டில் சேமிக்கவே கூடாது, 0க்கு அடுத்த படியே sRGBயில் 13க்குத் தாவிவிடும், இருண்ட மரங்கள் திட்டுத்திட்டாகும். 16 அல்லது 32 பிட்டில் வேலை செய்யுங்கள். கடைசியில் 8 பிட்டாக மாற்றும்போதும் கவனம் தேவை: 3000 பிக்சல் உயர வானத்தில் நிறம் 30 படிதான் மாறுகிறது என்றால் ஒவ்வொரு படியும் 100 பிக்சல் அகலப் பட்டை, கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும். மாற்றும் இடத்தில் டிதரிங்கைப் போட்டுவிட்டால், படிகளின் எல்லையில் நுண்ணிய புள்ளிகள் தூவப்பட்டு அந்தக் கோடு கரைந்துவிடும்.