இருபது இலக்கத்துக்குள் ஒரு கடிகாரம்

குளச்சலிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருடைய தம்பி தான்சானியாவில் வேலை பார்க்கிறார், அங்கே கரண்டுக்கு முன்கூட்டியே பணம் கட்ட வேண்டும், கட்டினால் போனுக்கு 20 இலக்க எண் வரும், அதை மீட்டரில் அழுத்த வேண்டும். தம்பி வாடகைக்குப் போனது ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீடு. பணம் போய்விட்டது, எண்ணும் வந்தது, மீட்டர் ஏற்கவில்லை. ராகுகாலத்தில் அழுத்தியதால்தான் என்கிறார்களாம் அம்மா. அம்மா சொன்னதில் பாதி சரி, கோளாறு நேரத்தில்தான். ஆனால் ராகுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மீட்டரில் யூனிட் இருப்பு எப்படிக் குறைகிறது என்பது எளிது. மீட்டர் முகப்பில் 1600 imp/kWh என்பதுபோல் எழுதியிருந்தால், சின்ன சிவப்பு விளக்கு 1600 முறை மின்னினால் ஒரு யூனிட் கழியும். 1500 வாட் ஹீட்டர் போட்டால் ஒன்றரை நொடிக்கு ஒரு மின்னல். பூஜ்யம் ஆனதும் உள்ளே இருக்கும் ரிலே கரண்டைத் துண்டித்துவிடும்.

எனக்குப் பிடித்த சமாச்சாரம் அந்த எண்தான். இந்த மாதிரி மீட்டருக்கு இணையமோ சிம்மோ தேவையில்லை, சொல்ல வேண்டியதெல்லாம் அந்த 20 இலக்கத்துக்குள்ளேயே பூட்டி வருகிறது: எத்தனை யூனிட், எந்த நிமிடத்தில் உருவானது, தப்பாக அழுத்தினால் காட்டிக்கொடுக்க ஒரு சரிபார்ப்பு எண். பூட்டைத் திறக்கும் ரகசியச் சாவி ஒவ்வொரு மீட்டருக்கும் வேறு, அதனால் பக்கத்து வீட்டு எண் உங்கள் மீட்டரில் செல்லாது. ஏற்றிய எண்ணை மறுபடி அழுத்தினாலும் அந்த நிமிடத்தை வைத்தே கண்டுபிடித்து 'Used' என்று சொல்லிவிடும்.

அந்த நிமிடக் கணக்கு 1993 ஜனவரி 1-இல் தொடங்கியது. அதற்கு ஒதுக்கியது 24 பிட், அதாவது 1,67,77,216 நிமிடம், கிட்டத்தட்ட 32 வருஷம். 2024 நவம்பர் 24-இல் அது தீர்ந்துபோனது! கணக்கைப் புதிதாகத் தொடங்க ஒவ்வொரு மீட்டரின் சாவியையும் மாற்ற வேண்டியிருந்தது, அதுவும் எண்களை அழுத்தியேதான். பூட்டிக் கிடந்த வீட்டில் யார் போய் அழுத்தியிருப்பார்கள்?

தம்பிக்கு வந்த குறுஞ்செய்தியை வாங்கிப் பார்த்தேன். அதில் மூன்று எண்கள் இருந்தன. முதல் இரண்டும் சாவி மாற்றும் எண்கள், மூன்றாவதுதான் யூனிட். அவர் மூன்றாவதை மட்டும் அழுத்தியிருக்கிறார். அது புதுச் சாவியால் பூட்டியது, மீட்டரிடம் இருந்ததோ பழைய சாவி. வரிசையாக மூன்றையும் அழுத்தியதும் யூனிட் ஏறிவிட்டது. ஒரு எச்சரிக்கை: பழைய சாவிக் காலத்து எண் ஏதாவது கையில் பாக்கி இருந்தால் அதை முதலில் ஏற்றிவிடுங்கள், சாவி மாறிய பிறகு அது செல்லாது.

அப்படியும் ஏறவில்லை என்றால் ரசீதில் உள்ள மீட்டர் எண்ணும் மீட்டர் முகப்பில் உள்ளதும் ஒன்றுதானா என்று பாருங்கள். பணம் போயும் எண்ணே வரவில்லையா? பரிவர்த்தனை எண்ணைக் கொடுத்து அந்த 20 இலக்க எண்ணை மறுபடி அனுப்பச் சொல்லலாம். அவசரப்பட்டு இன்னொரு முறை பணம் கட்டாதீர்கள், சாவிதான் சிக்கல் என்றால் அந்த எண்ணும் ஏறாது.