வெண்கரு நுரை பஜ்ஜிக்குள் செய்யும் வேலை

மாலைத் தேநீருக்குப் பொரித்த வாழைப்பழப் பஜ்ஜி, தட்டில் சற்று நேரம் காத்திருந்தாலே சிங்கப்பூரில் தொய்ந்துவிடுகிறது. ஒப்பீட்டு ஈரப்பதம் பல நாள்களில் 80 விழுக்காட்டைத் தாண்டும் இந்தத் தீவில், வெளிக்காற்றின் ஈரம் ஒருபுறமும் சூடான பழத்திலிருந்து கிளம்பும் நீராவி மறுபுறமும் மேல்மாவைத் தாக்குகின்றன. மாவைத் தடிப்பாகக் கரைத்தால் பஜ்ஜி உப்பினாலும் உள்ளே ஈரம் தங்கிவிடும்; சோடா உப்பைக் கூட்டினால் எண்ணெய் குடிக்கும். அடித்து நுரைத்த முட்டை வெண்கருவைக் கடைசியில் மாவோடு சேர்க்கும் முறையில்தான் உப்பலும் மொறுமொறுப்பும் ஒன்றாகக் கிடைக்கின்றன.

வெண்கருவில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீர். மீதியில் பெரும்பகுதி புரதம். அடிக்கும்போது, சுருண்டு கிடக்கும் புரதங்கள் விரிந்து, காற்றுக்குமிழைச் சுற்றி ஒன்றோடொன்று பிணைந்து மெல்லிய சவ்வாகின்றன. கொழுப்பு இந்தச் சவ்வின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், ஒரு சொட்டு மஞ்சள்கருவோ பாத்திரத்தில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் நுரை சரியாக எழும்பாது. பிளாஸ்டிக் கிண்ணம் எண்ணெயை எளிதில் விடாது என்பதால், எவர்சில்வர் பாத்திரமே நல்லது.

இந்த நுரை எண்ணெயில் இறங்கும்போது முதலில் காற்று சூடாகி விரிகிறது. 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் செல்லும் காற்று கால் பங்குக்கும் சற்றுக் குறைவாகவே பெருகும். ஆகவே உப்பலின் பெரும்பகுதி காற்றினால் வருவதன்று. மாவிலுள்ள நீர் ஆவியாகி, முன்பே தயாராக இருக்கும் குமிழ்களுக்குள் புகுந்து அவற்றை ஊதுகிறது. அதே வேளையில், ஏறத்தாழ 60 டிகிரி தொடங்கி 80 டிகிரிக்கு மேல் வரை வெண்கருப் புரதங்கள் ஒவ்வொன்றாக இறுகி, ஊதிய வடிவத்தை நிலைநிறுத்துகின்றன. பிறகு சுவர்களில் நுண்துளைகள் விழுந்து ஆவி வெளியேறுகிறது. சுவர் மிக மெல்லியது என்பதால் விரைவில் முழுதாக உலர்ந்துவிடுகிறது. மொறுமொறுப்பு என்பது இந்த உலர்ந்த சுவர்கள் பல்லுக்கடியில் வரிசையாக உடைவதுதான்.

இவை அனைத்தும் குமிழ்கள் எண்ணெயை அடையும்வரை உயிரோடிருந்தால்தான் நடக்கும். அதை முடிவுசெய்வது மாவின் பதம். மாவு நீர்த்திருந்தால் அது அடியில் வடிந்து, நுரை மேலே தனியாக மிதக்கும். மிகக் கெட்டியாக இருந்தால், கலக்குவதற்குக் கொடுக்கும் அழுத்தத்திலேயே நுரை உடைந்துவிடும்.

நான்கைந்து பழங்களுக்கு 80 கிராம் கோதுமை மைதா, 60 கிராம் அரிசி மாவு, 20 கிராம் சோள மாவு, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சுமார் 150 மில்லிலிட்டர் குளிர்ந்த நீரில், கட்டியில்லாமல் ஆனால் அதிகம் கிளறாமல் கரைத்துக்கொள்ளலாம். அதிகம் கிளறினால் மைதாவின் பசைத்தன்மை வலுத்து, மேல்மாவு இழுவையாகிவிடும். கரண்டியிலிருந்து பட்டையாக வழிந்து, விழுந்த தடம் சில நொடிகள் நின்று மறைந்தால் பதம் சரி. எண்ணெய் காய்ந்த பிறகே இரண்டு வெண்கருவை, அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாற்றோடு, துடைப்பத்தைத் தூக்கினால் நுனி வளைந்து நிற்கும்வரை அடிக்க வேண்டும். புரதங்கள் அளவுக்கு மீறி இறுகிப் பிணைவதைப் புளிப்பு தடுக்கிறது. நுரை சொரசொரத்து அடியில் நீர் விட்டால் அடித்தது மிகுதி. அத்தகைய நுரை மாவோடு சேராமல் வெள்ளைத் திட்டுகளாகவே நிற்கும்.

நுரையில் மூன்றிலொரு பங்கைத் தயங்காமல் கலந்து மாவை இளக்கியபின், மீதியை அகன்ற கரண்டியால் அடியிலிருந்து மேலே மடித்து மடித்துச் சேர்க்க வேண்டும். ஓரிரு வெள்ளைக் கீற்றுகள் தெரியும்போதே நிறுத்திவிடுவது என் கருத்தில் மிகச் சரியான இடம். கீற்றுகளைக் கரைக்க முனைந்தால் குமிழ்கள்தாம் குறையும். கலந்த மாவைக் காக்க வைக்கக் கூடாது, கால் மணி நேரத்திற்குள் பொரித்து முடிப்பது நல்லது.

பழத்தில் உலர்ந்த மாவைத் தூவி, நுரைமாவில் தோய்த்து, 170 முதல் 175 டிகிரி எண்ணெயில் இட வேண்டும். நுரையின் இலேசினால் பஜ்ஜி உயர மிதக்கும். மேற்புறம் எண்ணெயில் அமிழாது என்பதால் சூடான எண்ணெயைக் கரண்டியால் மேலே ஊற்றி, பிறகு திருப்ப வேண்டும். நிறம் வந்துவிட்டது என்று உடனே எடுத்துவிடக் கூடாது. வெண்கரு விரைவில் சிவக்கும். உள்ளே ஈரம் இருக்கும்போதே வெளியே பொன்னிறம் காட்டும். பஜ்ஜியைச் சுற்றிய கொதிப்பு அடங்கி, சலசலப்பு மெலிந்த பிறகே ஈரம் போதுமான அளவு போயிருக்கும்.

எடுத்ததைத் தாளில் பரப்பாமல் கம்பித்தட்டில் வைத்தால் அடிப்புற ஆவியும் வெளியேறும். மூடி வைத்தால் அதே ஆவி திரும்பி ஊறிவிடும். மெல்லிய சுவர் விரைவில் உலர்வதைப் போலவே ஈரத்தையும் விரைவில் இழுத்துக்கொள்ளும் என்பது இம்முறையின் எல்லை. அரிசி மாவும் சோள மாவும் அந்த நேரத்தைச் சற்று நீட்டிக்கும். அப்படியும் தளர்ந்த பஜ்ஜியை 180 டிகிரி அடுப்பில் சில நிமிடங்கள் வைத்தால் சுவர்கள் மறுபடி உலரும், ஆனால் பழம் கசியத் தொடங்கியிருந்தால் அந்த வழியும் உதவாது.