பீரின் குமிழி: போத்தலில் விளைந்த வாயுவும் சிலிண்டரில் வந்த வாயுவும்

சுங்கை சிப்புட் வட்டாரத்து உணவகங்களில் பீர் குழாய்களையும் அவற்றின் குளிரூட்டிகளையும் பராமரிப்பது என் தொழில். அதற்கு முன்பு உரிமம் பெற்ற மது ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். செம்பனைத் தோட்டங்களிலிருந்து மாலையில் வந்து உட்காருபவர்களும் கடைக்காரர்களும் என்னிடம் ஒரே கருத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். போத்தலுக்குள்ளேயே ஈஸ்ட் உண்டாக்கிய வாயு "இயற்கையானது", அதனால் குமிழிகள் பொடியாக இருக்கும். சிலிண்டரிலிருந்து ஏற்றிய வாயு "செயற்கையானது", அதனால் குமிழிகள் பெரியவை, வயிறு உப்பும் என்பது அந்தக் கருத்து. சில கண்ணாடிக் குவளைகளில் அப்படியொரு வேறுபாடு தெரிவது உண்மைதான். ஆனால் அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் சரியல்ல. காரணத்தைத் தவறாகப் புரிந்துகொள்வதால் நம் ஊர் வெப்பத்தில் ஆபத்தும் நேரலாம் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

இரண்டு முறைகளிலும் பீரில் கரைவது கரியமில வாயுதான். போத்தல் முறையில், நொதித்து முடிந்த பீரோடு அளந்த சீனியைக் கலந்து, உயிருள்ள ஈஸ்டுடன் போத்தலில் அடைத்து மூடுகிறார்கள். ஈஸ்ட் அந்தச் சீனியைத் தின்று வாயுவை விடுகிறது. வெளியேற வழியில்லாத வாயு பீரிலேயே கரைகிறது. சிலிண்டர் முறையில், குளிரவைத்த பீரை இரும்புப் பீப்பாயிலோ தொட்டியிலோ வைத்து, ரெகுலேட்டர் வழியாக வாயுவைக் குறிப்பிட்ட அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். கரைந்தபின் ஒரு கரியமில வாயு மூலக்கூறுக்கும் இன்னொன்றுக்கும் எந்த வேறுபாடும் கிடையாது. ஈஸ்ட் விட்ட வாயு பீரோடு "ஒட்டிக்கொள்கிறது" என்று சிலர் சொல்வதற்கு வேதியியலில் இடமில்லை.

அப்படியானால் குமிழியின் அளவை எது முடிவு செய்கிறது? கரைந்த வாயு தானாகத் திரண்டு குமிழியாக மாறிவிடுவதில்லை. நாம் குடிக்கும் பீரில் உள்ள வாயு அதற்குப் போதாது. ஏற்கெனவே காற்று சிக்கியிருக்கும் ஒரு நுண்ணிய இடம் வேண்டும். குவளையைத் துடைத்த துணியிலிருந்து ஒட்டிய ஒரு நார் இழை, கண்ணாடியில் உள்ள ஒரு கீறல், ஏதாவது ஒரு துகள் ஆகியவையே அந்த இடங்கள். குவளையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்தால், கண்ணாடிச் சுவரில் ஒரே புள்ளியிலிருந்து நூல் பிடித்தாற்போல் குமிழிகள் வரிசையாக எழுவது தெரியும். புள்ளியை விட்டுக் கிளம்பும்போது குமிழி மிகச் சிறியது. மேலே ஏற ஏறச் சுற்றியுள்ள பீரிலிருந்து வாயுவை வாங்கிப் பெருக்கிறது. ஆகவே மேற்பரப்பை அடையும்போது அது எவ்வளவு பெரியது என்பதை, பீரில் கரைந்துள்ள வாயுவின் அளவு, பீரின் வெப்பநிலை, குவளையின் ஆழம் ஆகியவை தீர்மானிக்கின்றன. அங்கே அது உடையாமல் நுரையாக நிற்குமா என்பதை, பார்லியிலிருந்து வந்த புரதங்களும் ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவின் பொருள்களும் தீர்மானிக்கின்றன. வாயு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இந்தக் கணக்கில் நேரடியான இடமே இல்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 28 டிகிரி செல்சியஸில் நொதித்து முடிந்த 20 லிட்டர் பீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாயுவின் அளவை ஆலைகளில் "வால்யூம்" என்று சொல்வார்கள். ஒரு லிட்டர் பீரில் 2.5 லிட்டர் வாயு கரைந்திருந்தால் அது 2.5 வால்யூம். சாதாரண பீருக்கு அது நல்ல அளவு. 28 டிகிரியில் நொதித்து முடிந்த பீரில் ஏற்கெனவே சுமார் 0.7 வால்யூம் தங்கியிருக்கும், மீதி 1.8 வால்யூம் சீனியிலிருந்து வரவேண்டும். ஒரு லிட்டரில் ஒரு வால்யூம் கூட்டுவதற்கு ஏறக்குறைய 3.8 கிராம் வெள்ளைச் சீனி தேவை. எனவே 20 லிட்டருக்கு சுமார் 137 கிராம். இங்கே பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. போத்தலில் அடைக்கும் முன் பீரைக் குளிர்பெட்டியில் 4 டிகிரிக்குக் குளிரவைத்துவிட்டு, அந்த வெப்பநிலையைக் கணக்கில் எடுத்தால், பீரில் 1.4 வால்யூமுக்கு மேல் இருப்பதாகக் கணக்கு காட்டும். சீனி 80 கிராம் போதும் என்று விடை வரும். ஆனால் 28 டிகிரியில் பீரை விட்டு வெளியேறிய வாயு, பிறகு குளிரவைத்ததால் திரும்பி வருவதில்லை. நொதித்தல் முடிந்தபின் பீர் எட்டிய உச்ச வெப்பநிலையையே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பீர் சப்பென்றிருக்கும்.

அடைத்த போத்தல்களை 20 முதல் 25 டிகிரி வரையுள்ள இடத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம் வைத்து, பிறகு சில நாள் குளிரில் வைக்க வேண்டும். இந்தக் கடைசிக் குளிர் நாள்களை அலட்சியப்படுத்துபவர்கள் அதிகம். சூடான போத்தலில் வாயுவின் ஒரு பகுதி பீருக்கு மேலுள்ள காலி இடத்தில் நிற்கிறது. குளிரக் குளிரத்தான் அது பீருக்குள் இறங்குகிறது. சிறிது நேரம் மட்டும் குளிரவைத்துத் திறந்தால் "புஸ்" என்று பலத்த சத்தம் கேட்கும், ஆனால் குவளையில் குமிழி குறைவாக இருக்கும்.

அதே பீரைப் பீப்பாயில் ஊற்றி 4 டிகிரிக்குக் குளிரவைத்து, சிலிண்டர் ரெகுலேட்டரைச் சுமார் 0.8 பார் அழுத்தத்தில் வைத்து ஒரு வாரத்துக்கு மேல் விட்டுவிட்டால் அதுவும் 2.5 வால்யூமை அடைந்து நின்றுவிடும். அந்த அழுத்தத்திலும் அந்தக் குளிரிலும் அதற்கு மேல் கரையாது என்பதால், இந்த முறையில் அளவு மிஞ்சிப் போகாது. ஆலையில் ஒரே தொட்டிப் பீரை இப்படி இரண்டாகப் பிரித்து, ஒரே வெப்பநிலையில், ஒரே மாதிரி சுத்தமான குவளைகளில் ஊற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். போத்தலின் அடியில் படிந்த ஈஸ்டைக் கலக்காமல் ஊற்றினால், குமிழிகளைப் பார்த்து எது எது என்று சொல்வது கடினம்.

அப்படியிருந்தும் கடையில் வேறுபாடு தெரிகிறதென்றால், அதற்குப் பெரும்பாலும் அவசரமே காரணம். ஒரு வாரம் காத்திருக்க மனமில்லாமல் அழுத்தத்தை 2 பாருக்கு மேல் உயர்த்திப் பீப்பாயைக் குலுக்குபவர்கள் இருக்கிறார்கள். வாயு வேகமாக இறங்கும். எவ்வளவு இறங்கியது என்பது கைக்கணக்காகிவிடும், பெரும்பாலும் மிஞ்சிவிடும். அதோடு குலுக்கும்போது பீப்பாய்க்குள்ளேயே நுரை கிளம்புகிறது. நுரையைத் தாங்கும் புரதம் ஒருமுறை நுரையாகி அடங்கினால் மறுமுறை அதே அளவு உதவாது. குவளைக்கு வரும்போது வாயு அதிகம், தாங்கும் புரதம் குறைவு. குமிழிகள் பருத்து, நுரை சோப்புநீர் போலச் சீக்கிரம் உடைகிறது. இதைப் பார்ப்பவர் சிலிண்டரைக் குறை சொல்கிறார். இன்னொரு காரணத்தை நான் வேலைக்குப் போகும் இடங்களில் அடிக்கடி காண்கிறேன். பீப்பாய் குளிராக இருக்கிறது, ஆனால் குழாய் தகரக் கூரைக்கு அடியில் பிற்பகல் வெயிலின் சூட்டில் ஓடுகிறது. வழியிலேயே வாயு பிரிந்து, பெரிய குமிழிகளோடு வெறும் நுரையாகக் கொட்டுகிறது. இதைச் சரிசெய்ய வேண்டிய இடம் குழாயின் உறை. அழுத்தத்தைக் குறைப்பவர் நல்ல பீரைச் சப்பையாக்கிவிடுகிறார்.

போத்தல் பீருக்கு வெப்பம் வேறு விதமாகக் கேடு செய்கிறது. இதைச் சொல்வோர் குறைவு. ஈஸ்ட் உயிருள்ள பொருள். சூடான ஸ்டோரில் மாதக்கணக்கில் கிடந்தால் அது நலிந்து சாகிறது. அப்போது புரதத்தைச் சிதைக்கும் நொதிகளும் நுரைக்கு எதிரியான கொழுப்பு அமிலங்களும் பீரில் கலக்கின்றன. பாஸ்டரைஸ் செய்த பீரில் அந்த நொதி செயலிழந்திருக்கும். போத்தலில் ஈஸ்டோடு வைத்த பீரில் அது வேலை செய்துகொண்டே இருக்கும். ஆகையால், பொடிக் குமிழிக்குப் பெயர் பெற்ற இறக்குமதி பெல்ஜியம் பீர், நம் ஊரில் குளிரில்லாத அலமாரியில் நெடுநாள் இருந்தபின், சிலிண்டர் பீரைவிட மோசமான நுரையைத் தரக்கூடும். கடைக்காரர்களுக்கு நான் சொல்வது, அப்படிப்பட்ட போத்தல்களை வாங்கினால் குறைவாக வாங்குங்கள், வந்த நாளிலிருந்தே குளிரில் வையுங்கள் என்பதுதான்.

ஆபத்தும் வெப்பத்தோடுதான் வருகிறது. 2.5 வால்யூம் கொண்ட போத்தலில் 4 டிகிரியில் 0.8 பார் அழுத்தம் இருந்தால், 33 டிகிரியில் அது சுமார் 3 பாராக ஏறும். ஒழுங்கான பீர் போத்தல் அதைத் தாங்கும். ஆனால் நொதித்தல் முடியும் முன்பே அடைத்துவிட்டால் நிலைமை வேறு. பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.010-இல் நிற்க வேண்டிய பீரை 1.014-இல் இருக்கும்போதே அடைத்தால், மீந்த சர்க்கரையைக் காட்டும் அந்த நான்கு புள்ளிகளே ஏறக்குறைய 2 வால்யூம் வாயுவைக் கூடுதலாகத் தரும். சீனியின் வாயுவோடு சேர்ந்து மொத்தம் 4.5 வால்யூம், 33 டிகிரியில் அழுத்தம் 6 பாரைத் தாண்டும். மெல்லிய ஒருமுறைப் போத்தலோ, பழைய சாஸ் போத்தலோ அதற்கு நிற்காது. கண்ணாடி வெடித்துச் சிதறும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் மாறாமல் நின்றால்தான் அடைக்கலாம் என்பது ஆலைகளில் கடைப்பிடிக்கும் குறைந்தபட்ச விதி. கள்ளை இறுக மூடிய போத்தலில் வைப்பதும் இதே காரணத்தால் ஆபத்தானது. அது நொதித்து முடிந்த பானம் அல்ல. இதோடு சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும்: மலேசியாவில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1976ஆம் ஆண்டு கலால் சட்டத்தின்படி குற்றம். நான் மேலே சொன்ன கணக்குகள் ஆலையின் வேலையைப் புரிந்துகொள்வதற்கே தவிர, லயத்துச் சமையலறையில் செய்து பார்ப்பதற்கு அல்ல.

சூடான இடத்தில் கிடந்த, ஈஸ்ட் படிந்த போத்தல் ஒன்று கடையில் இருந்து, அதைத் திறக்க வேண்டியிருந்தால் உடனே திறக்காதீர்கள். அதைக் குலுக்காமல், கனத்த துண்டில் சுற்றி நிமிர்த்தி, இரண்டு நாள் குளிர்பெட்டியில் வையுங்கள். பிறகு சிங்க்குக்கு மேலே பிடித்து, முகத்தை விலக்கி, மூடியை மெதுவாக நெம்புங்கள். பீர் தானாகப் பொங்கி வழிந்தால் அதைக் குடிக்க வேண்டாம். அதோடு வந்த மற்ற போத்தல்களையும் திறக்காமல் குளிரிலேயே வைத்து, விநியோகித்தவரிடம் தெரிவித்து வந்து எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்.