வயர், சுவிட்ச், எம்.சி.பி.: ஐ.எஸ்.ஐ. முத்திரையை எப்படிப் படிப்பது, பிராண்டுக்கு எங்கே பணம் கொடுப்பது

வீட்டு வயரிங்குக்கான வயர், சுவிட்ச், ஓவர்லோடோ ஷார்ட்டோ ஆனால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. இந்த மூன்றையும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கவே கூடாது. 2003-இல் மத்திய அரசு பிறப்பித்த தரக்கட்டுப்பாட்டு ஆணை இவற்றைக் கட்டாயச் சான்றிதழின் கீழ் கொண்டுவந்தது. ஆகவே கடைக்காரர் ‘முத்திரை உள்ளது’, ‘முத்திரை இல்லாதது, ஆனால் விலை குறைவு’ என்று இரண்டு சுருள்களை எடுத்து வைத்தால், இரண்டாவதை விற்கவே அவருக்கு அனுமதி இல்லை. இந்த முத்திரைக்கு உரிமம் தரும் அமைப்பு பி.ஐ.எஸ். 2016-ஆம் ஆண்டின் பி.ஐ.எஸ். சட்டத்தில் இதற்கு அபராதமும் சிறைத் தண்டனையும் உண்டு.

ஆனால் முத்திரையை அச்சடிப்பது யாருக்கும் எளிது. அதனால் படத்தைப் பார்த்துத் திருப்தி அடையாமல், அதற்கு மேலும் கீழும் இருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள். மேலே இருப்பது தரநிலை எண். பி.வி.சி. வயருக்கு IS 694, சுவிட்சுக்கு IS 3854, பிளக் சாக்கெட்டுக்கு IS 1293, எம்.சி.பி.க்கு IS/IEC 60898-1, ஷாக்கிலிருந்து ஆளைக் காக்கும் ஆர்.சி.சி.பி.க்கு IS 12640. புகையும் நச்சு வாயுவும் குறைவாக வரும் ஹாலஜன் இல்லாத வயர் கேட்டு வாங்கினால் அதில் IS 17048 இருக்கும். 694 இல்லையே என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம்.

கீழே CM/L என்று தொடங்குவது உரிம எண். இது நிறுவனத்துக்குப் பொதுவாகக் கொடுக்கப்படுவது அல்ல. குறிப்பிட்ட தொழிற்சாலையில் குறிப்பிட்ட தரநிலையின்படி செய்யும் பொருளுக்குக் கொடுக்கப்படுவது. கைபேசியில் BIS Care செயலியை இறக்கி, Verify Licence Details பகுதியில் அந்த எண்ணைத் தட்டினால் உரிமம் யார் பெயரில், எந்த முகவரியில், எந்தப் பொருளுக்கு, இப்போது நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் வந்துவிடும். பெட்டியில் அச்சிட்ட உற்பத்தியாளர் முகவரியோடு அதை ஒப்பிடுங்கள். போலிகள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டும்: எண்ணே இருக்காது, அல்லது வேறு ஏதோ பொருளுக்கான எண்ணாக இருக்கும், அல்லது காலாவதியான உரிமமாக இருக்கும். கடையில் நின்றபடியே செய்யக்கூடிய வேலைதான் இது. செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது பிராண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரையில் முதல் தரம், இரண்டாம் தரம் என்று எதுவும் கிடையாது. தேர்ச்சி உண்டு, இல்லை, அவ்வளவுதான். பெரிய நிறுவனத்தின் வயரும், உரிமம் பெற்ற உள்ளூர்த் தொழிற்சாலையின் வயரும் ஒரே சோதனையைத்தான் தாண்ட வேண்டும். பிராண்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் ஒவ்வொரு சுருளும் ஒரே மாதிரி இருக்கும் என்ற நம்பிக்கைக்கும், உத்தரவாதத்துக்கும், பத்து வருடம் கழித்தும் உதிரி கிடைப்பதற்கும்தான். அந்தப் பணத்தைச் சுவரை உடைத்தால் மட்டுமே மாற்ற முடிகிற பொருளுக்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. வயருக்கு முதல் இடம், பிறகு எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும், கடைசியில்தான் சுவிட்ச். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: கண்ணுக்குத் தெரிகிறது என்று விலை உயர்ந்த மாடுலர் சுவிட்ச் வாங்கிவிட்டு, பைப்புக்குள் போகும் வயரில் மிச்சம் பிடிக்கிறார்கள். ஒரே நிறுவனத்தின் மூன்று சுவிட்ச் வரிசைகளுக்கு இடையே உள்ள விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி மேல் தகட்டின் அழகுக்கே போகிறது. ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் சுவிட்சைப் பின்னாளில் மாற்றிக்கொள்ளலாம்.

வயரில் ஏமாற்று எப்படி நடக்கிறது என்றால், செம்பைக் குறைப்பதில். தரநிலை கம்பியின் தடிமனை மட்டும் பார்ப்பதில்லை, மின்தடையைப் பார்க்கிறது. இரண்டரை ஸ்கொயர், அதாவது இரண்டரை சதுர மில்லிமீட்டர், செம்பு வயரின் தடை ஒரு கிலோமீட்டருக்கு 7.98 ஓமைத் தாண்டக் கூடாது. 90 மீட்டர் சுருளுக்கு அது ஏறக்குறைய 0.72 ஓம். செம்பு மெலிந்தாலோ, சுத்தமில்லாமல் இருந்தாலோ தடை கூடும், அதே மின்சாரத்துக்கு வயர் அதிகமாகச் சூடாகும். இன்னொரு வழி நீளத்தில் கை வைப்பது. பல நிறுவனங்கள் வயரின் மேலேயே மீட்டர் எண்ணை அச்சிடுகின்றன. சுருளின் இரு முனை எண்களையும் கழித்துப் பார்த்தால் 90 மீட்டர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

நல்ல வயரை வாங்கி, தவறான எம்.சி.பி.யைப் போட்டாலும் ஆபத்துதான். ஒரு சமையலறையை எடுத்துக்கொள்வோம். இரண்டரை ஸ்கொயர் வயர், 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒரே லைனில் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, 1200 வாட் ஓவன், 1500 வாட் கெட்டில், 750 வாட் மிக்ஸி. எல்லாம் சேர்ந்து ஓடினால் 5450 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் 23.7 ஆம்பியர். தரநிலைப்படி எம்.சி.பி. தன் அளவைப் போல 1.45 மடங்கு மின்சாரத்தில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 16-க்கு அது 23.2. ஆகவே விழுகிறது. எலெக்ட்ரீஷியன் வருகிறார், ‘அடிக்கடி ட்ரிப் ஆகுது, 32 போட்டுடலாம்’ என்கிறார். போட்டதும் தொல்லை தீர்ந்த மாதிரி இருக்கும். ஆனால் 32 ஆம்பியர் எம்.சி.பி. 1.13 மடங்கு வரை, அதாவது 36 ஆம்பியர் வரை, விழாமல் தாங்க வேண்டும் என்பதும் அதே தரநிலைதான். பைப்புக்குள் போகும் இரண்டரை ஸ்கொயர் வயர் தாங்குவதோ சுமார் 20 ஆம்பியர். எம்.சி.பி. காப்பது வயரை, வயரின் அளவை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால் சுவருக்குள் வயரின் மேலுறை மெல்ல வெந்துபோகும். இங்கே சரியான தீர்வு, இண்டக்‌ஷனுக்குத் தனி வயரும் தனி 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் இழுப்பது. எம்.சி.பி.யின் முகத்தில் C16 என்று இருந்தால் 16 அதன் ஆம்பியர். C என்பது ஷார்ட் ஆனால் எவ்வளவு மின்சாரத்தில் உடனே விழும் என்பதைச் சொல்வது. பக்கத்தில் கட்டத்துக்குள் 10000 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ஷார்ட் சர்க்யூட்டில் அது பாதுகாப்பாகத் துண்டிக்கக்கூடிய உச்ச அளவு அது.

மனிதரைக் காப்பது எம்.சி.பி. அல்ல, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஷாக் அடித்து உடல் வழியாகத் தரைக்குக் கசியும் மின்சாரம் எம்.சி.பி.க்குத் தெரியவே தெரியாது. அதேபோல் ஆர்.சி.சி.பி.க்கு ஓவர்லோடு தெரியாது, இரண்டும் வேண்டும். 100 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கடைகளில் கிடைக்கும். அது ஷாக்கிலிருந்து ஆளைக் காப்பதற்கானது அல்ல, ஆகவே பெட்டியில் 0.03A என்று அச்சிட்டிருப்பதை உறுதி செய்யுங்கள். பொருத்திய பின் T என்ற பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும்.

முத்திரை போலி என்று தெரிந்தாலோ, முத்திரை இருந்தும் பொருள் தரமில்லாமல் போனாலோ, BIS Care செயலியின் புகார் பகுதியிலேயே எழுதலாம். முத்திரையிட்ட பொருள் தரநிலைக்கு ஒத்துவராவிட்டால் நுகர்வோருக்கு இழப்பீடு கேட்க 2016 சட்டம் இடம் தருகிறது. அதற்குப் பில் தேவை. ‘எலெக்ட்ரிக்கல் சாமான்’ என்று மொத்தமாக எழுதிய பில்லால் பயனில்லை. பிராண்டு, ஸ்கொயர் அளவு, சுருள்களின் எண்ணிக்கை எல்லாம் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். சுருளின் லேபிளையும் CM/L எண் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாமான்களை ஒப்பந்தக்காரரே வாங்கினாலும், பைப்புக்குள் வயர் போகும் முன்பே அந்தப் பில்லையும் லேபிள்களையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.