டாலர் இன்வாய்ஸ்: 222 ரூபாய்க்குள் மறைந்திருக்கும் 2,200

தக்கலையில் இருந்து வெப்சைட் வடிவமைத்துத் தரும் ஒருவர், ஜிஎஸ்டி பதிவு உள்ளவர், அமெரிக்க வாடிக்கையாளருக்கு மார்ச் 5 அன்று 2,000 டாலருக்கு இன்வாய்ஸ் அனுப்புகிறார். அன்று டாலர் 86 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் வருமானம் 1,72,000 ரூபாய். ஏப்ரல் 20 அன்று வங்கியில் ஏறியதோ 1,72,222 ரூபாய். 222 ரூபாய் லாபம் என்று எழுதி முடித்துவிடத் தோன்றும். அப்படி எழுதினால் கணக்கு தவறிவிடும்.

வங்கி தரும் அட்வைஸை, அதாவது பணம் வந்த விவரச் சீட்டை, வாங்கிப் பாருங்கள். வழியில் இருந்த இடை வங்கி 20 டாலரைப் பிடித்துக்கொண்டு 1,980 டாலர்தான் அனுப்பியிருக்கிறது. நம் வங்கி அதை 87.10 விலையில் மாற்றி, தன் கட்டணம் 200 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டி 36 ரூபாயும் கழித்திருக்கிறது. ஆக, விலை ஏறியதால் வந்த லாபம் 2,000 டாலருக்கு 1.10 வீதம் 2,200 ரூபாய். இடை வங்கி எடுத்தது 1,742 ரூபாய், நம் வங்கி எடுத்தது 236 ரூபாய். இவை இரண்டும் செலவு. மிச்சம்தான் அந்த 222. கூகுள் காட்டும் விலையோடு 87.10ஐ ஒப்பிட்டு, வித்தியாசத்தைத் தனியே எழுத வேண்டியதில்லை. வங்கி உண்மையில் கொடுத்த விலையே கணக்குக்கு உரியது.

இங்கே இன்னொரு சிக்கல்: நடுவில் மார்ச் 31 வருகிறது. வர வேண்டிய பணத்தையும் கணக்கில் காட்டுபவர், அதாவது மெர்க்கண்டைல் முறையில் எழுதுபவர், வராமல் நிற்கும் 2,000 டாலரை அன்றைய விலைக்கு மாற்றி எழுத வேண்டும். வருமான வரிக்கு எஸ்பிஐயின் TT, அதாவது டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர், வாங்கும் விலையை எடுப்பது வழக்கம். அது 86.50 என்றால், 2,200ல் 1,000 ரூபாய் இந்த ஆண்டின் லாபம், மீதி 1,200 அடுத்த ஆண்டுக்கு. டாலர் இறங்கியிருந்தால் இதே இடத்தில் நஷ்டம் வரும். பணம் வந்தபின் மட்டும் எழுதும் கேஷ் முறைக்காரருக்கு இந்தத் தலைவலி இல்லை. மார்ச்சில் அவருக்கு வருமானமே கிடையாது. ஏப்ரலில் 1,74,200 ரூபாய் வருமானம், 1,978 ரூபாய் செலவு. ஆண்டுக்கு ஆண்டு முறையை மாற்றிக்கொள்ளக் கூடாது.

ஜிஎஸ்டியில் பலர் வீணாகச் செய்யும் வேலை, பணம் வந்ததும் இன்வாய்ஸைத் திருத்துவது. GSTR-1ல் 6A அட்டவணையில் காட்டிய 1,72,000 அப்படியே இருக்கட்டும். சேவைக்கு டாலர் விலையை எடுப்பது வரி பொறுப்பு எழும் நாளில். பெரும்பாலும் அது இன்வாய்ஸ் தேதிதான். பிறகு வரும் 2,200 சேவைக்கான கூலி அல்ல, அதற்கு ஜிஎஸ்டியும் இல்லை.

எல்யூடி என்னும் உறுதிமொழிக் கடிதம் கொடுத்து, வரி கட்டாமல் இன்வாய்ஸ் போட்டவர் ஒன்றைக் குறித்துவைக்க வேண்டும். இன்வாய்ஸ் தேதியிலிருந்து ஓராண்டு, அல்லது அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா தரும் காலம், இவற்றில் எது பிந்தியதோ அதற்குள் பணம் வராமல், கூடுதல் அவகாசமும் கிடைக்காவிட்டால், அடுத்த 15 நாளில் ஐஜிஎஸ்டியை 18 சதவீத வட்டியோடு கட்ட வேண்டிவரும்.