"தூள்" என்று எழுதினால் போதாது: ஏற்றுமதி விலைப்பட்டியலிலும் பொதிப்பட்டியலிலும் பொருள் விபரம் எழுதும் முறை

யாழ்ப்பாணத்தில் தூள் என்றால் எந்தத் தூள் என்று யாரும் கேட்பதில்லை. செத்தல் மிளகாயோடு மல்லி, சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை ஆகியவற்றை வறுத்து மில்லில் அரைத்து எடுப்பதை நாம் வீட்டிலும் கடையிலும் மிளகாய்த்தூள் என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். அந்தப் பெயரை அப்படியே ஆங்கிலமாக்கி ஏற்றுமதி விலைப்பட்டியலில் "சில்லி பவுடர்" என்று எழுதிவிட்டால், பெட்டிக்குள் இருப்பது ஒன்றாகவும் கடதாசியில் இருப்பது வேறொன்றாகவும் ஆகிவிடும். சுன்னாகத்தில் மில் வைத்திருக்கும் ஒருவர் பாரிஸில் உள்ள கடையொன்றுக்கு முதன்முறையாக விமானத்தில் பொருள் அனுப்புகிறார் என்று வைத்துக்கொண்டு, அவர் எதை எப்படி எழுத வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

ஏற்றுமதிப் பொருள் ஒவ்வொன்றுக்கும் இலங்கைச் சுங்கத்திடம் பிரகடனம் ஒன்று சமர்ப்பிக்கப்பட வேண்டும். நடைமுறையில் அதைக் கணினியில் பதிவு செய்பவர் சுங்க முகவர். அவர் உங்கள் மில்லையோ தூளையோ பார்த்தவர் அல்லர். நீங்கள் கொடுக்கும் விலைப்பட்டியலில் உள்ள சொற்களையே பிரகடனத்தில் எடுத்து எழுதுகிறார். அதே சொற்கள் விமான நிறுவனத்தின் சரக்குச் சீட்டுக்கும், பின்னர் பிரான்ஸில் இறக்குமதியாளர் செய்யும் பிரகடனத்துக்கும் செல்கின்றன. ஆகவே மேசையில் இருந்து நீங்கள் எழுதும் ஒரு வரி, நான்கைந்து ஆவணங்களில் உங்கள் வாக்குமூலமாகவே நிற்கிறது. பிழையை எழுதியவர் முகவர் என்று பின்னர் சொல்வதற்கு இடமில்லை.

பொருளின் பெயர் மாறினால், சுங்கம் அதை வகைப்படுத்தப் பயன்படுத்தும் எச்.எஸ். குறியீடும் மாறும். உலகச் சுங்க அமைப்பு வகுத்த இந்தக் குறியீட்டின் முதல் 6 இலக்கங்கள் இலங்கையிலும் பிரான்ஸிலும் ஒன்றே. அதற்குப் பின் வரும் இலக்கங்களை அந்தந்த நாடு தனக்கேற்றபடி சேர்த்துக்கொள்கிறது. செத்தல் மிளகாயை மட்டும் அரைத்த தூள் 0904.22 என்ற குறியீட்டில் அடங்கும். பல்வகைக் கறிச்சரக்குகள் கலந்த நமது தூள் 0910.91 என்ற கலவைகளுக்குரிய குறியீட்டில் அடங்கும். கலவையில் சிறிதளவு உப்புச் சேர்ந்திருந்தாலும், அது கறிச்சரக்குக் கலவையின் தன்மையை இழக்காதவரை இதே குறியீடுதான். உப்பும் பிற பொருள்களும் கூடி அது வெறும் சுவையூட்டியாக மாறிவிட்டால் 2103 என்ற தலைப்புக்குப் போய்விடும். இதனால்தான் சேர்மானங்களையும் அவற்றின் அளவையும் முகவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டுக் கைப்பக்குவம் வெளியே போய்விடும் என்று தயங்குபவர்கள் சரியான விகிதத்தைப் பட்டியலில் எழுதத் தேவையில்லை; எவை சேர்ந்துள்ளன என்பதை எழுதினால் போதும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு விமானத்தில் செல்லும் சரக்குகளுக்கு 2023 மார்ச் 1 முதல், சரக்கு ஏற்றப்படுவதற்கு முன்னரே தெளிவான பொருள் விபரத்தையும், அது அங்கு சென்றடைவதற்கு முன் 6 இலக்கக் குறியீட்டையும் கொடுக்க வேண்டியுள்ளது. "உணவுப் பொருள்", "மளிகைச் சாமான்", "அன்பளிப்பு" போன்ற பொதுச் சொற்கள் அங்கே விபரமாகக் கொள்ளப்படுவதில்லை. விபரம் திருத்தப்படும்வரை பெட்டிகள் கட்டுநாயக்காவில் காத்துக்கிடக்கும்.

அப்படியானால் அந்த வரியை எப்படி எழுதுவது? பொருள் எது, எந்த நிலையில் உள்ளது, எவற்றால் ஆனது, எவ்வாறு அடைக்கப்பட்டுள்ளது என்பவற்றை இந்த ஒழுங்கிலேயே எழுதலாம். நமது எடுத்துக்காட்டில் அது இப்படி அமையும்: "கறித்தூள், வறுத்து அரைத்தது, மிளகாய், மல்லி, சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை சேர்ந்த கலவை, உப்புச் சேர்க்கப்படவில்லை, 500 கிராம் பைக்கற், சில்லறை விற்பனைக்கு, எச்.எஸ். 0910.91." ஆவணத்தில் இதை ஆங்கிலத்தில் எழுதுவீர்கள். "கறி பவுடர்" என்ற சொல்லை முதலில் வைத்து, பைக்கற்றின் முகப்பிலும் அதே சொல்லை அச்சிடுங்கள். முகப்பில் "சில்லி" என்றும் பட்டியலில் "கறி" என்றும் இருந்தால், பெட்டியைத் திறக்கும் அதிகாரி முகப்பையே நம்புவார். ஆய்வுகூட அறிக்கையிலும் அதே பெயர் இருக்க வேண்டும். வேறு பெயரில் எடுத்த அறிக்கை இந்தத் தூளுக்கு உரியது என்று பிறகு நிறுவுவது கடினம்.

இதே பொதியில் பனையோலையில் பின்னிய நீத்துப்பெட்டிகளும் போகின்றன என்று கொள்வோம். அதைப் "பிட்டு ஸ்டீமர்" என்று மட்டும் எழுதினால், வாசிப்பவர் மனதில் அலுமினியமோ மின்சாரமோ வந்துவிடும். பன்னவேலைப் பொருள் என்பதை அதன் மூலப்பொருளே காட்ட வேண்டும்: "கையால் பின்னிய கூம்பு வடிவப் பெட்டி, உலர்ந்த பனையோலையால் ஆனது, பிட்டு அவிப்பதற்கு, எச்.எஸ். 4602.19." பயன்பாடு கடைசியில் வந்தால் போதும்.

இனிப் பொதிப்பட்டியல். விலைப்பட்டியல் எதை என்ன விலைக்கு விற்றீர்கள் என்று சொல்கிறது. பொதிப்பட்டியல் அது எந்தப் பெட்டிக்குள் எவ்வளவு நிறையில் இருக்கிறது என்று சொல்கிறது. ஒரு பெட்டியில் 20 பைக்கற்றுகள் அடுக்கினால் தூளின் நிகர நிறை 10 கிலோகிராம். வெறும் பைக்கற் ஒன்று 10 கிராம் என்றால் அவை 200 கிராம். மட்டைப்பெட்டி 600 கிராம். ஆகவே மொத்த நிறை 10.8 கிலோகிராம். இப்படி 30 பெட்டிகள் என்றால் நிகரம் 300, மொத்தம் 324 கிலோகிராம். நீத்துப்பெட்டிகள் இரண்டு பெட்டிகளில், ஒவ்வொன்றிலும் 50 வீதம். நிகரம் 3, மொத்தம் 3.9 கிலோகிராம் ஒரு பெட்டிக்கு. எல்லாம் சேர்ந்து 32 பெட்டிகள், நிகரம் 306, மொத்தம் 331.8 கிலோகிராம். பெட்டிகளின் வெளிப்புறத்தில் 1/32 முதல் 32/32 வரை இலக்கமிட்டு, 1 முதல் 30 வரை தூள், 31உம் 32உம் நீத்துப்பெட்டி என்று பட்டியலில் எழுதுங்கள். கணக்குப் போட்டுப் பார்த்த நிறையை எழுதாமல், தராசில் நிறுத்துப் பார்த்ததை எழுதுங்கள். விமான நிலையத்திலும் பெட்டிகள் நிறுக்கப்படும்.

கடைசிப் பெட்டியில் இடம் மிஞ்சும்போது, "பாரிஸில் தங்கச்சி இருக்கிறாள், இதையும் போடுவம்" என்று இரண்டு பைக்கற் ஒடியலை யாராவது செருகிவிடுவார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இந்தப் பழக்கம். பட்டியலில் இல்லாத ஒரு தாவரப் பொருள் அகப்பட்டால், அதற்குப் பிறகு மற்ற 31 பெட்டிகளைப் பற்றி நீங்கள் எழுதியவையும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அனுப்பத்தான் வேண்டும் என்றால் அதை முன்கூட்டியே முகவரிடம் சொல்லி, தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டுமா என்று கேட்டு, தனி வரியாக எழுதி, விலையும் இடுங்கள். இலவசமாக அனுப்பும் மாதிரிப் பொருளுக்கும் பெறுமதி பூச்சியம் என்று எழுதக் கூடாது. நியாயமான பெறுமதியை இட்டு, அது சுங்கத் தேவைக்காக மட்டும் என்று குறிப்பிட வேண்டும்.

குறியீட்டில் ஐயம் இருந்தால் பாரிஸ் கடைக்காரரிடம் கேட்கலாம். அவர் அங்குள்ள சுங்கத்திடம் விண்ணப்பித்து, பொருளின் வகைப்பாட்டை எழுத்தில் பெற முடியும். அந்தத் தீர்மானம் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 3 ஆண்டுகளுக்குச் செல்லும். பொதியிடும் நாளில் தூள் குறைந்து 30 பெட்டிகள் 28 ஆகிவிட்டால், பேனையால் வெட்டித் திருத்தாமல், இரண்டு பட்டியல்களையும் புதிதாக அச்சிட்டு, பிரகடனம் சமர்ப்பிக்கப்படுவதற்கு முன் முகவரின் கையில் கொடுத்து, பழையவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.