தண்ணீருக்கு ண, வெந்நீருக்கு ந, நன்னீருக்கு ன: ஏன்?

தண்ணீர், வெந்நீர், நன்னீர். மூன்றிலும் பின்னால் ஒட்டியிருப்பது 'நீர்' என்ற அதே சொல்தான். ஆனால் எழுதிப் பார்த்தால் ஒன்றில் ண, ஒன்றில் ந, ஒன்றில் ன. காதுக்கு வெந்நீரும் நன்னீரும் ஒரே மாதிரிதான் கேட்கின்றன. அதனால்தான் கடைப் பலகையிலும் வாட்ஸ்அப்பிலும் 'வென்னீர்' என்று அடிக்கடி பார்க்கிறோம். எந்த ன என்று தெரியாமல் பேனா நிற்கும் பல இடங்களில் விடை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதை எடுப்பதற்கு நாக்கு எங்கே தொடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

'இந்த' என்று மெதுவாகச் சொல்லுங்கள். நாவின் நுனி மேல்வாய்ப் பற்களின் பின்புறத்தில் படும். அது ந. 'வண்டி' என்றால் நுனி பின்னால் வளைந்து மேலண்ணத்தைத் தொடும். அது ண. இவை இரண்டுக்கும் நடுவே, பற்களுக்குச் சற்று மேலே இருக்கும் பல்லீற்று மேட்டில் நுனி பட்டால் அது ன. மூன்றிலும் வாய் அடைபட்டு, காற்று மூக்கு வழியாகப் போகிறது. மூக்கையும் அடைத்துவிட்டால் அதே இடத்து வல்லினம்தான் மிஞ்சும். மூக்கைப் பிடித்துக்கொண்டு 'அம்மா' என்று சொல்லிப் பாருங்கள், ஏறக்குறைய 'அப்பா' என்றுதான் கேட்கும். ம-வும் ப-வும் இரண்டு உதடும் சேரும் ஒரே இடத்தில் பிறப்பதுதான் காரணம். அதே மாதிரி ண-வும் ட-வும் ஓரிடம், ந-வும் த-வும் ஓரிடம், ன-வும் ற-வும் ஓரிடம்.

நெடுங்கணக்கில் ட ண, த ந, ப ம என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதும், கடைசியில் ற ன என்று முடிவதும் இந்த இணையை வைத்துத்தான். டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்ற பெயர்களும் இதையே சொல்கின்றன. மூன்று சுழி, இரண்டு சுழி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது வடிவத்தை மட்டும் காட்டுகிறது. பழைய பெயரோ எழுத்து வரும் இடத்தையே காட்டிவிடுகிறது: ட-வுக்கு முன்னால் ண் (நண்டு), த-வுக்கு முன்னால் ந் (பந்து), ற-வுக்கு முன்னால் ன் (கன்று). தமிழ்ச் சொற்களில் இது மாறாது. சொல்லின் முதல் எழுத்தென்றால் அதைவிட எளிது, அங்கே எப்போதும் ந-தான்.

சரி, பக்கத்தில் ட, த, ற எதுவுமே இல்லாவிட்டால்? தண்ணீரில் அப்படித்தான் இருக்கிறது. இங்கே சொல்லை உடைத்து, அதன் உறவுச் சொற்களைத் தேட வேண்டும். முன்பகுதி 'தண்', குளிர்ச்சி என்று பொருள். அதே வேரில் பிறந்த இன்னொரு சொல் தட்பம். தட்பவெப்பம் என்கிறோமே, அதில் வருவது. மூக்கொலி நீங்கிய இடத்தில் ட் வந்திருக்கிறது, ஆகவே இது ண். அடுத்து நன்னீர். 'நல்' என்ற வேரிலிருந்து வந்தது. நற்பண்பு, நற்செய்தி என்று ற் வருகிறது, ஆகவே ன். வெந்நீரில் முன்பகுதி 'வெம்'. அதன் உறவுச் சொல் வெப்பம். இங்கே இருப்பது ப், ஆகவே அடிப்படையில் அது ம்.

இப்போது மூன்றோடும் 'நீர்' வந்து சேர்கிறது. தண், நன் இரண்டிலும் நாவின் நுனி ஏற்கெனவே ஓரிடத்தில் ஊன்றிவிட்டது. அதை எடுத்துப் பல்லுக்குக் கொண்டுபோவதைவிட அங்கேயே வைத்திருப்பது சுலபம். அதனால் நீரின் ந, ண-வாகவும் ன-வாகவும் மாறி தண்ணீர், நன்னீர் ஆகிறது. வெம் அப்படியில்லை. ம் உதடுகளின் வேலை, நாக்கு சும்மா இருக்கிறது. ஆகவே ந தன் இடத்தை விடவில்லை. ம்-தான் ந்-ஆக மாறி வெந்நீர் ஆனது. செம்மை நிற நீர் செந்நீர் ஆனதும் இப்படியே.

இந்த ட், ற் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் மனப்பாடம் குறைகிறது. நுண் என்பதற்கு நுட்பம், மண்ணுக்கு மட்பாண்டம், காண் என்பதற்குக் காட்சி. எல்லாம் ட், எல்லாம் ண். முன் என்பதற்கு முற்பகல், பின் என்பதற்குப் பிற்பகல், பொன்னுக்குப் பொற்காசு, தென் என்பதற்குத் தெற்கு. எல்லாம் ற், எல்லாம் ன். தண்மையும் தன்மையும் குழம்பினால் தட்பம், தற்காப்பு என்று இரண்டையும் நினைத்துக்கொண்டால் போதும். வினைச்சொல் என்றால் இறந்தகாலத்தில் வைத்துப் பாருங்கள். உண்டான், தின்றான். உண் எது, தின் எது என்பது தெளிந்துவிடும்.

ல, ள-வும் இதே குடும்பம்தான். ல பல்லீற்று மேட்டில் பிறப்பதால் ன-வாக மாறும், ள நாக்கு வளைந்து பிறப்பதால் ண-வாக மாறும். எள்ளின் நெய் எண்ணெய். வெள்ளை நெய் வெண்ணெய். பல நாட்டு நிறுவனம் பன்னாட்டு நிறுவனம்.

சொல்லின் நடுவே ந வரும் இடங்கள் தனி ரகம். அங்கே பெரும்பாலும் ஒரு தையல் இருக்கும், அதாவது ந-வில் தொடங்கும் ஏதோ ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். செய்தித்தாளில் 'இந்நாள் அமைச்சர், முன்னாள் அமைச்சர்' என்று பார்க்கிறோம். இ + நாள் என்பதில் முன்னால் மெய்யெழுத்தே இல்லை. ந இரட்டித்து இந்நாள் ஆயிற்று. முன் + நாள் என்பதில் ன் இருக்கிறது, அது ந-வைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. முந்நூறு என்பதையும் இப்படியே பார்க்கலாம். மூன்று என்பது 'மு' என்று குறுகி, அடுத்த எழுத்து இரட்டிக்கிறது: முப்பது, முக்கனி, முத்தமிழ், முந்நூறு. 'முன்னூறு' என்று எழுதினால் முன்னால் உள்ள நூறு என்றாகிவிடும். காசோலையில் எழுதும்போது கவனிக்க வேண்டிய எழுத்து இது.

இயக்குநரா, இயக்குனரா என்ற நீண்ட நாள் சண்டைக்கும் பதில் இந்தத் தையலில் இருக்கிறது. ஒரு செயலைச் செய்பவரைக் குறிக்க வினையோடு சேரும் விகுதி 'நர்'. இயக்கு + நர், ஓட்டு + நர், பெறு + நர், அனுப்பு + நர். விகுதியின் முதல் எழுத்து ந, அதற்கு முன்னால் உயிரொலி, எனவே அதை மாற்ற யாருமில்லை. உறுப்பினர், குழுவினர் என்பவை வேறு: உறுப்பு + இன் + அர். அங்கே ஒட்டியது 'இன்', அதனால் ன். முன்பகுதியைக் கட்டளையாகச் சொல்லிப் பாருங்கள். 'இயக்கு' என்று ஒருவரை ஏவலாம், 'உறுப்பு' என்று ஏவ முடியாது. ஏவ முடிந்தால் நர். 'இயக்குனர்' பரவலாகப் புழங்குகிறது என்பது உண்மை. ஆனாலும் சொல்லின் அமைப்பைக் காட்டும் 'இயக்குநர்' இருக்கும்போது அதை விடக்கூடாது என்பதே என் கருத்து. வல்லுநருக்கு மட்டும் இந்த ஏவல் சோதனை இன்று உதவாது, அதை அப்படியே நினைவில் வைக்க வேண்டியதுதான்.

வடமொழியிலிருந்து வந்த சொற்களில் உறவுச் சொல் சோதனை நடக்காது. அங்கே வேறொரு நல்ல வழி உண்டு. ராமாயணம், ரசாயனம் இரண்டையும் பாருங்கள். இரண்டும் 'அயனம்' என்றே முடிகின்றன. ஒன்றில் ஏன் ண, மற்றொன்றில் ஏன் ன? வடமொழியில் ஒரு சொல்லில் ர அல்லது ஷ வந்தால், பின்னால் வரும் ன ண-வாக மாறும். ர, ஷ சொல்லும்போது நாவின் நுனி பின்வாங்கி நிற்கிறது. அடுத்து வரும் மூக்கொலியும் அந்த நிலையிலேயே பிறந்துவிடுகிறது. காரணம், மரணம், ஆபரணம், உஷ்ணம் எல்லாம் இப்படி. இடையில் ம, வ, க, ய வந்தாலும் நாவின் நுனிக்கு அவற்றில் வேலையில்லை, அது நின்ற இடத்திலேயே நிற்கும்: பிரமாணம், நிர்வாணம், பிரயாணம், ராமாயணம். ஆனால் ச, ஜ, த, ட, ல போன்ற ஒலி குறுக்கே வந்தால் நாக்கு இடம் மாறிவிடும், விளைவு அறுந்துபோகும். ரசாயனத்தில் அந்த ச-தான் தடை. தரிசனம், ஆராதனை, பிரார்த்தனை, அர்ஜுனன் எல்லாவற்றிலும் இதேதான் நடந்திருக்கிறது. பிரமாணமும் அனுமானமும் ஒரே 'மானம்'தான். ஒன்றில் ர இருக்கிறது, மற்றொன்றில் இல்லை.

இதற்கு வரம்புகள் உண்டு. ராமன், வீரன் என்பவற்றின் 'ன்' தமிழ் விகுதி, வடமொழி விதி அதைத் தொடாது. அவன், வந்தான், வந்தேன், மரத்தின் என்று விகுதியாகவும் உருபாகவும் இன்று வருவதெல்லாம் ன்-தான். தீர்மானம், வருமானம் தமிழ் வினையில் பிறந்தவை, அவற்றிலும் ன. அப்புறம், இந்த விதி ஒரு திசையில் மட்டுமே நம்பகமானது. ர இல்லாமலும் ண வரும்: குணம், கோணம், கல்யாணம், வீணை.

எதிர்மறை முன்னொட்டு வரும் சொற்களில் மறுபடி தையலைத் தேடலாம். அ + நியாயம் அநியாயம், அ + நீதி அநீதி. அன் + ஆவசியம் என்பதில் பின்சொல் உயிரில் தொடங்குகிறது, எனவே அனாவசியம்.

பேச்சைக் கேட்டு எழுதுவதுதான் அதிகம் வழுக்கும் இடம். இன்று பெரும்பாலோர் பேச்சில் ந-வும் ன-வும் ஒன்றாகிவிட்டன. மலையாளத்தில் இந்த இரண்டு ஒலியும் பேச்சில் உயிரோடு இருக்கின்றன, ஆனால் அவர்கள் இரண்டுக்கும் ஒரே எழுத்தைத்தான் எழுதுகிறார்கள். நம்மிடம் எழுத்து இரண்டு, ஒலி ஒன்று. ண-வின் கதை இன்னும் சிக்கல். ஒன்று 'ஒண்ணு' ஆகிறது, மூன்று 'மூணு' ஆகிறது. எழுத்தில் இவற்றுக்கு ற் இருப்பதால் ன் என்று தெரிகிறது, காது ண் என்கிறது. இப்படிப்பட்ட சொல்லில் காதை விட்டுவிட்டு எழுத்து வடிவத்தைப் பிடிக்க வேண்டும்.

எந்தச் சோதனைக்கும் பிடிபடாத சில சொற்கள் மிஞ்சும். பணி, பனி. மணம், மனம். பாணம், பானம். கணம், கனம். இரண்டு பக்கமும் உயிரெழுத்து, உதவிக்கு வல்லினம் இல்லை, உடைத்துப் பார்க்கத் தையலும் இல்லை. ண-வுக்கும் ன-வுக்கும் உள்ள வேறுபாடு இங்கே பொருளையே மாற்றுகிறது. இவற்றைச் சோடி சோடியாக, ஒரு வாக்கியத்தில் வைத்துப் பழகுவதே வழி: பனியில் பணிக்குப் போனார், மல்லிகை மணத்தில் மனம் மயங்கியது.